சீட்டுக்கட்டு நன்றாகக் கலைய எத்தனை முறை ரிஃபிள் செய்ய வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருக்கமாகச் சொல்லுங்கள், 52 சீட்டுகளுக்கு எத்தனை முறை?

ஏழு முறை. ஆனால் இது ஆறு வரை ஒன்றுமே கலையாது, ஏழாவதில் எல்லாம் கலைந்துவிடும் என்ற பொருளில் சொல்லப்படும் எண் அன்று. முதல் நான்கு முறைகளில் கட்டு கலைந்தது போலத் தோன்றினாலும் கணக்கின்படி ஏறத்தாழ எதுவும் நடந்திருக்காது. ஐந்தாவதிலிருந்து நிலைமை வேகமாக மாறத் தொடங்குகிறது. ஏழுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் ஒழுங்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அந்தச் சரிவு தொடங்கியபின் நியாயமாக நிறுத்திக்கொள்ளக்கூடிய இடம் ஏழு என்பதே இதன் பொருள். டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலிருந்தே இந்த எண் உலகமெங்கும் பரவியது.

எந்த மாதிரியான கலைப்பை ‘ஒரு முறை’ என்று கணக்கில் கொள்கிறீர்கள்?

கட்டை ஏறத்தாழ நடுவில் இரண்டாகப் பிரித்து, இரு கைகளிலும் பிடித்து, கட்டைவிரல்களால் விளிம்புகளை விடுவித்து, இரு பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்று விழுமாறு கோத்து, மீண்டும் ஒரே கட்டாகத் தட்டிச் சேர்ப்பதே ஒரு ரிஃபிள். கணக்குப் போட வேண்டுமானால் மனிதக் கை செய்யும் இந்த வேலையை ஒரு விதியாக எழுதிக்கொள்ள வேண்டும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த எட்கர் கில்பர்ட்டும் கிளாட் ஷானனும் 1955-இல் ஒரு விதியை வகுத்தார்கள். ஜிம் ரீட்ஸ் 1981-இல் தனியாக அதே விதிக்கு வந்து சேர்ந்தார். அதனால் அது மூவர் பெயராலும் வழங்கப்படுகிறது.

விதி எளிமையானது. எங்கே பிரிப்பது என்பதை, 52 முறை நாணயம் சுண்டித் தலை விழும் எண்ணிக்கையைப் போல எடுத்துக்கொள்கிறார்கள். எனவே மேல்பாதியில் சராசரியாக 26 சீட்டுகள் இருக்கும், பெரும்பாலும் அது 22-க்கும் 30-க்கும் இடையில் அமையும். பிறகு எந்தக் கையில் அதிகச் சீட்டுகள் இருக்கின்றனவோ அந்தக் கையிலிருந்து அடுத்த சீட்டு விழும் வாய்ப்பும் அதே விகிதத்தில் அதிகம். இடக்கையில் 30, வலக்கையில் 20 மீதமிருந்தால், அடுத்தது இடக்கையிலிருந்து விழுவதற்கான நிகழ்தகவு 30/50. அவ்வளவுதான் முழு விதியும். கைதேர்ந்தவர் ஒன்றுவிட்டு ஒன்றாக விழச்செய்வதற்கும், பழக்கமில்லாதவர் கொத்துக்கொத்தாக விழவிடுவதற்கும் இடைப்பட்ட ஒரு சாதாரணக் கையை இது ஓரளவு நன்றாகவே பிரதிபலிக்கிறது.

கலைந்ததா இல்லையா என்பதை எதை வைத்து அளப்பது? பார்த்தாலே தெரியாதா?

பார்வை இங்கே ஏமாற்றும். சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது ‘ஏறுவரிசை’ என்ற ஒன்றைத்தான். அதை எட்டுச் சீட்டுகளில் செய்து பார்ப்போம்.

தொடக்கத்தில் சீட்டுகள் 1 முதல் 8 வரை வரிசையாக இருக்கின்றன. ஐந்தாவதற்குப் பிறகு பிரித்து, 1 2 3 4 5 என்பதையும் 6 7 8 என்பதையும் கோத்தால், எடுத்துக்காட்டாக இப்படி வரலாம்:

```
1 6 2 3 7 4 8 5
```

கலைந்ததுபோல இருக்கிறது. ஆனால் இடமிருந்து வலமாகப் படித்தால் 1, 2, 3, 4, 5 ஆகியவை தங்கள் வரிசையை விடவே இல்லை, இடையில் அந்நியச் சீட்டுகள் நுழைந்திருக்கின்றன, அவ்வளவுதான். 6, 7, 8-ம் அப்படியே. இப்போது கட்டில் இரண்டு ஏறுவரிசைகள் இருக்கின்றன. இதே கட்டை நடுவில் பிரித்து மீண்டும் ஒருமுறை கோத்தால், இப்படி ஓர் அடுக்கு கிடைக்கலாம்:

```
7 1 4 6 8 2 5 3
```

இதில் 1-ஐத் தேடி, பிறகு அதற்கு வலப்புறம் 2, 3 என்று போகலாம். 4 பின்தங்கிவிட்டது, எனவே அங்கே முதல் ஏறுவரிசை முடிகிறது. மீண்டும் இடப்பக்கத்திலிருந்து தொடங்கினால் 4, 5 கிடைக்கின்றன. அடுத்த சுற்றில் 6 மட்டும். அதற்கடுத்த சுற்றில் 7, 8. மொத்தம் நான்கு ஏறுவரிசைகள்.

ஒருமுறை கலைத்தால் அதிகபட்சம் 2, இருமுறைக்கு அதிகபட்சம் 4, மும்முறைக்கு 8 என்று இந்த உச்சவரம்பு இரட்டிப்பாகிக்கொண்டே போகும். கலைக்கும்போது ஒவ்வொரு ஏறுவரிசையும் வெட்டுப்படும் இடத்தில் அதிகபட்சம் இரண்டாக உடையலாமே தவிர மூன்றாக உடைய வழியில்லை. பேயரும் டயகோனிஸும் இதற்கு மேலும் ஒரு படி சென்று, m முறை ரிஃபிள் செய்வது என்பது கட்டை ஒரே வீச்சில் 2^m பகுதிகளாகப் பிரித்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கோப்பதற்கு முற்றிலும் சமம் என்று காட்டினார்கள். அதிலிருந்து, r ஏறுவரிசைகள் கொண்ட ஓர் அடுக்கு m முறைக்குப் பிறகு வருவதற்கான நிகழ்தகவு ஒரே வரியில் கிடைத்துவிடுகிறது:

```
C(2^m + 52 - r, 52) / 2^(52m)
```

இந்தச் சூத்திரத்தில் சீட்டுகளின் அடையாளமே இல்லை, r மட்டும்தான் இருக்கிறது. 52 சீட்டுகளின் அடுக்குகள் ஏறத்தாழ 8-க்குப் பின்னால் 67 பூச்சியங்கள் வரும் எண்ணிக்கையில் உள்ளன. அத்தனையையும் ஒரே ஓர் எண்ணால் வகைப்படுத்திவிடலாம் என்பதை இந்தத் துறையின் மிக அழகிய முடிவாகவே நான் கருதுகிறேன்.

நான்கு முறை கலைத்தாலே கட்டு நன்றாகக் குழம்பிப்போகிறதே, அது போதாதா?

போதாது, இதை ஒரு சிறு கணக்கே தீர்த்துவைக்கும். முழுமையாகக் கலைந்த ஒரு 52 சீட்டுக் கட்டில் சராசரியாக 26.5 ஏறுவரிசைகள் இருக்கும். அதிலிருந்து முன்பின் போகும் அளவும் (திட்டவிலக்கம்) 2.1 மட்டுமே. அதாவது உண்மையிலேயே கலைந்த கட்டு என்றால் அதில் 22-க்கும் 31-க்கும் இடையில் ஏறுவரிசைகள் இருக்குமென்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். நான்கு முறை கலைத்த கட்டில் 16-க்கு மேல் ஏறுவரிசைகள் இருக்கவே முடியாது. இருக்கக்கூடிய எல்லா அடுக்குகளிலும் 16 அல்லது அதற்குக் குறைவான ஏறுவரிசைகள் கொண்டவை பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவிலேயே உள்ளன. எனவே நான்கு முறை கலைத்தவரின் கட்டு, எவ்வளவு திறமையாகக் கலைத்திருந்தாலும், அந்தச் சின்னஞ்சிறு மூலைக்குள்தான் அடைபட்டுக் கிடக்கிறது.

வித்தைக்காரர்கள் இதை நிரூபணமின்றியே நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பார்வையாளர் கட்டை மும்முறை ரிஃபிள் செய்து, மேலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டின் நடுவில் வேறெங்காவது செருகிவிடுவார். வித்தைக்காரர் கட்டை வாங்கி, தமக்கு முன்பே தெரிந்த வரிசையின்படி சீட்டுகளை ஏறுவரிசைகளாகப் பிரித்துப் பார்ப்பார். எட்டு நீண்ட வரிசைகள் கிடைக்கும், அவற்றோடு ஒட்டாமல் ஒரு சீட்டு தனியே நிற்கும். பெரும்பாலும் அதுதான் பார்வையாளர் பார்த்த சீட்டு.

ஐந்தாவது முறையில் உச்சவரம்பு 32 ஆகிவிடுகிறதே? அது 26.5-ஐத் தாண்டிவிட்டதல்லவா?

32 என்பது எட்டக்கூடிய உச்சம்தான், வழக்கமாக வருவதன்று. ஐந்து முறை கலைப்பது கட்டை 32 பகுதிகளாகப் பிரித்துக் கோப்பதற்குச் சமம் என்றோம். 52 சீட்டுகளை 32 பகுதிகளில் வாய்ப்பின்படி பகிர்ந்தால் சில பகுதிகளில் நான்கைந்து சீட்டுகள் விழும், சில பகுதிகள் காலியாகவே போகும். அடுத்தடுத்த இரு சிறு பகுதிகள் தற்செயலாக ஒரே ஏறுவரிசையாகச் சேர்ந்துகொள்வதும் உண்டு. இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்தால் சராசரி இப்படி நகர்கிறது: மூன்று முறைக்குப் பிறகு ஏறத்தாழ 8, நான்குக்குப் பிறகு 14, ஐந்துக்குப் பிறகு 19.6, ஆறுக்குப் பிறகு 22.9, ஏழுக்குப் பிறகு 24.7, எட்டுக்குப் பிறகு 25.6. சேர வேண்டிய இடம் 26.5.

ஐந்து முறைக்குப் பிறகும் சராசரி, இருக்க வேண்டிய இடத்திலிருந்து மூன்று திட்டவிலக்கத்துக்கும் அதிகமான தொலைவில் நிற்கிறது. வேறொரு கோணத்தில் பார்த்தாலும் இதே குறை தெரியும். கட்டு அப்படியே தலைகீழாகத் திரும்புவதற்கு 52 ஏறுவரிசைகள் வேண்டும். ஐந்து முறையில் அது நடக்கவே முடியாத காரியம், ஆறாவது முறையில் 2^6 = 64 ஆகும்போதுதான் முதன்முதலாகச் சாத்தியமாகிறது. ஆக, எல்லா அடுக்குகளும் வருவதற்கு வழியாவது திறக்க வேண்டுமானால் ஆறு முறை கலைத்தே ஆக வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் சமமான வாய்ப்புக் கிடைப்பது அதற்குப் பிறகு வரும் கதை.

எங்கும் 0.334 என்ற எண்ணைக் குறிப்பிடுகிறார்கள். அதற்கு என்ன பொருள்?

அது முழுமையான கலைப்பிலிருந்து விலகியிருக்கும் அளவு. கட்டைப் பற்றி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை தரும் எந்தக் கேள்வியை வேண்டுமானாலும் கேளுங்கள். ‘ஆம்’ என்பதன் நிகழ்தகவு, நாம் கலைத்த கட்டில் ஒன்றாகவும் முழுமையாகக் கலைந்த கட்டில் வேறொன்றாகவும் இருக்கும். எல்லாக் கேள்விகளிலும் மிகப் பெரிய வேறுபாட்டைத் தரும் கேள்வியைத் தேர்ந்தெடுத்து, அந்த வேறுபாட்டையே விலகல் என்கிறார்கள். 1 என்றால் கலையவே இல்லை, 0 என்றால் முழுமையாகக் கலைந்துவிட்டது. 52 சீட்டுகளுக்கு விடைகள் இவை:

```
1–4 முறை   1.000
5          0.924
6          0.614
7          0.334
8          0.167
9          0.085
10         0.043
```

முதல் வரியில் உள்ள 1.000 மூன்று தசம இடங்களுக்கு முழுமையாக்கப்பட்டது. ஆனால் உண்மையான மதிப்பும் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியும் அளவில் குறையவில்லை.

ஏழாவது முறையில் அந்த மிக மோசமான கேள்வி எது என்பதை நாமே கண்டுபிடித்துவிடலாம். முன்னே கொடுத்த சூத்திரத்தில் m = 7 என்று வைத்து, ஒவ்வொரு r-க்கும் கிடைக்கும் நிகழ்தகவை, எல்லா அடுக்குகளுக்கும் சமமாகக் கிடைத்திருக்க வேண்டிய பங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். r = 24 ஆனால் அந்த அடுக்கு உரிய பங்கைப்போல ஏறத்தாழ 1.9 மடங்கு பெறுகிறது. r = 25 ஆனால் 1.3 மடங்கு. r = 26 ஆனால் 0.86 மடங்காகக் குறைந்துவிடுகிறது, r = 27 ஆனால் 0.57 மடங்கு. எல்லைக்கோடு 25-க்கும் 26-க்கும் இடையில் விழுகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: “இந்தக் கட்டில் ஏறுவரிசைகள் 25 அல்லது அதற்குக் குறைவா?” முழுமையாகக் கலைந்த கட்டில் அதற்கு ‘ஆம்’ என்ற விடை ஏறத்தாழ 32 விழுக்காடு வரும். ஏழு முறை மட்டும் கலைத்த கட்டில் அது ஏறத்தாழ 65 விழுக்காடு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் அந்த 0.334.

அப்படியானால் ஏழு முறைக்குப் பிறகும் மூன்றில் ஒரு பங்கு விலகல் இருக்கிறது. இதை எப்படி ‘நன்றாகக் கலைந்தது’ என்கிறீர்கள்?

நியாயமான ஐயம். ஏழு என்ற எண்ணைச் சுற்றி எழுதப்படும் பலவற்றில் இது மறைந்துபோகிறது. 0.334 மிகச் சிறிய எண் அன்று. ஏழைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், விலகல் பாதிக்குக் கீழே இறங்கும் முதல் இடம் அதுவே என்பதும், அதன்பின் குறையும் வேகம் சீராகிவிடுகிறது என்பதும்தான். இன்னும் கண்டிப்பான அளவு வேண்டுவோர் எட்டோ ஒன்பதோ கலைத்தால் போதும். ஒன்பதில் விலகல் 0.1-க்கும் கீழே போய்விடுகிறது.

ஏழு முறைக்குப் பிறகும் மீதமிருக்கும் ஒழுங்கைக் கையும் களவுமாகப் பிடிக்கும் ஓர் ஆட்டத்தை பீட்டர் டாயில் அமைத்தார். அதன் சாரம் இதுதான். கட்டின் முதல் 26 சீட்டுகளை நேர்வரிசையிலும் மற்ற 26 சீட்டுகளைத் தலைகீழ் வரிசையிலும் சேகரிக்க வேண்டும். கட்டை மேலிருந்து திறந்துகொண்டே வரும்போது, அந்தந்தக் குவியலுக்கு அடுத்து வேண்டிய சீட்டு வந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம், முடிந்ததும் மீதிக்கட்டை மீண்டும் மேலிருந்து திறக்க வேண்டும். எந்தக் குவியல் முதலில் நிறைகிறதோ அது வென்றது. முழுமையாகக் கலைந்த கட்டில் இரண்டுக்கும் சம வாய்ப்பு. புதிய கட்டை ஏழு முறை கலைத்துவிட்டு ஆடினால் நேர்வரிசைக் குவியல் ஏறத்தாழ 80 விழுக்காடு வெல்கிறது. சுற்றுகளின் எண்ணிக்கை என்பது ஏறுவரிசைகளின் எண்ணிக்கையே என்பதை நினைவில் வைத்தால் காரணம் புரிந்துவிடும்: பழைய வரிசையின் எச்சம் நேர்வரிசைக்கு ஒன்றிரண்டு சுற்றுகளை மிச்சப்படுத்துகிறது, தலைகீழ் வரிசைக்கு அதே அளவு சுற்றுகளைக் கூட்டிவிடுகிறது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஏழு முறைக்குப் பிறகு கட்டு பழைய வரிசைக்கே திரும்பும் வாய்ப்பு, உரிய பங்கைப்போல ஏறத்தாழ 10,000 மடங்கு. கேட்பதற்கு அச்சமூட்டும் எண்தான். ஆனால் உரிய பங்கே 52!-இல் ஒன்று என்னும்போது, அதைப் பத்தாயிரத்தால் பெருக்கினாலும் அது நடக்கப்போவதில்லை. தொடக்கத்தில் மேலே இருந்த சீட்டு மேலேயே இருக்கும் வாய்ப்பைப் பாருங்கள்: ஒருமுறை கலைத்தபின் அது 1/2, ஏழு முறை கலைத்தபின் 2.34 விழுக்காடு, இருக்க வேண்டியது 1.92 விழுக்காடு. மேசையில் அமர்ந்து ஆடும் ஒருவர் இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திப் பணம் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. விலகல் என்பது எதிராளி எல்லாம் அறிந்தவர் என்று வைத்துக்கொண்டு அளக்கும் அளவுகோல், சாதாரண ஆட்டங்கள் கட்டிடம் கேட்கும் கேள்விகள் அதைவிட மிக எளியவை.

எல்லா ஆட்டங்களுக்கும் ஒரே எண்ணிக்கைதானா?

இல்லை. சில ஆட்டங்களில் சீட்டின் சின்னத்துக்கு மதிப்பே கிடையாது, எண் மட்டும்தான் கணக்கு. வேறு சிலவற்றில் சிவப்பா கருப்பா என்பது மட்டுமே வேண்டும். அங்கே 52 சீட்டுகளும் தனித்தனியாக இடம் மாறியிருக்க வேண்டிய தேவையில்லை. இதைச் சாமி அசாஃப், டயகோனிஸ், சௌந்தரராஜன் ஆகியோர் ஆராய்ந்தார்கள். கட்டு முழுவதும் கலைய வேண்டுமானால் தேவைப்படும் எண்ணிக்கை, சீட்டுகளின் எண்ணிக்கைக்கு 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையின் ஒன்றரை மடங்கை ஒட்டி வளர்கிறது. சின்னத்தையோ எண்ணையோ விட்டுவிட்டால் அந்த ஒன்றரை வெறும் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. 52-க்கு அந்த மடக்கை ஏறத்தாழ 5.7. ஆகவே கட்டு முழுவதும் கலைவதற்கு 8.5-ஐச் சுற்றியும், சின்னத்தையோ எண்ணையோ விட்டுவிடும் ஆட்டங்களுக்கு 5.7-ஐச் சுற்றியும் மாற்றம் நிகழ்கிறது.

நடுவில் ஒருமுறை கட்டை வெட்டினால் ஒரு கலைப்பு மிச்சமாகுமா?

ஆகாது. வெட்டுவது என்பது மேல்பகுதியைத் தூக்கிக் கீழே வைப்பது மட்டுமே. அது ஏறுவரிசைகளின் எண்ணிக்கையை அதிகபட்சம் ஒன்றால்தான் மாற்ற முடியும். கலைப்பவர் மேலே அல்லது கீழே ஒரு சீட்டை ஒளித்து வைத்திருந்தால் அதைக் குலைப்பதற்கு வெட்டு உதவும், அதுதான் அதன் உண்மையான பயன்.

ஒன்றுவிட்டு ஒன்றாக மிகக் கச்சிதமாகக் கோத்தால் இன்னும் விரைவாகக் கலையுமல்லவா?

நேர்மாறாக, கலையவே கலையாது. சரியாக 26-26 ஆகப் பிரித்து, மேலும் கீழும் உள்ள சீட்டுகள் இடம் மாறாதவாறு ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தால், எட்டாவது முறையில் கட்டு தொடங்கிய வரிசைக்கே வந்து நிற்கும். மேல்சீட்டு இரண்டாவதாகப் போகுமாறு கோத்தால் 52 முறையில் திரும்பும். கலைப்பது வாய்ப்புதான், அது கையின் சிறு ஒழுங்கீனத்திலிருந்து வருகிறது. பிழையே இல்லாத கையிலிருந்து அது வர வழியில்லை.

ரிஃபிள் செய்யத் தெரியாது, கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப்போட்டுத்தான் கலைப்பேன். அதற்கும் ஏழுதானா?

அதற்கு ஏழு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த முறையில் கட்டு சில கொத்துகளாகப் பிரிந்து கொத்துகளின் வரிசை மட்டுமே மாறுகிறது, ஒரு கொத்துக்குள் இருக்கும் சீட்டுகள் ஒட்டியபடியே கிடக்கின்றன. ரிஃபிளில் ஒரே வீச்சில் ஏறத்தாழப் பாதிச் சீட்டுகள் தங்கள் அண்டைச் சீட்டைப் பிரிகின்றன, இங்கே பிரிபவை சிலவே. ராபின் பெமான்டில் 1989-இல் இதை ஆராய்ந்தார். தேவைப்படும் எண்ணிக்கை இங்கே மடக்கையை ஒட்டி வளர்வதில்லை, சீட்டு எண்ணிக்கையின் வர்க்கத்தையும் தாண்டி வளர்கிறது. 52 சீட்டுகளுக்கு அது ஆயிரக்கணக்கில் போய்விடும். ரிஃபிள் கைவராதவர்கள் கட்டை மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரு கைகளாலும் சிறிது நேரம் நன்றாகக் குழப்பிவிடுவது மேல்.

என் கை இந்த விதிப்படி கலைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு சோதனைகள் உள்ளன. இரண்டுக்கும் ஜோக்கர் நீக்கிய, வரிசை கலையாத ஒரு கட்டு போதும்.

முதல் சோதனைக்கு ஒரே ஒருமுறை ரிஃபிள் செய்துவிட்டுச் சீட்டுகளை வரிசையாகப் பரப்புங்கள். பழைய வரிசையில் அடுத்தடுத்து இருந்த இரு சீட்டுகள் இன்னும் அதே ஒழுங்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களை எண்ணுங்கள். 52 சீட்டுகளுக்கிடையே 51 இடங்கள் உள்ளன. விதிப்படி கலைக்கும் கையில் சராசரியாக அவற்றில் பாதி, அதாவது 25 அல்லது 26 இடங்கள் ஒட்டியிருக்கும். மூன்று நான்கு முன்பின் இருப்பது இயல்பு. பல முறை செய்தும் 35-க்கு மேலேயே வந்துகொண்டிருந்தால் உங்கள் விரல்கள் சீட்டுகளைக் கொத்தாக விடுகின்றன என்று பொருள், அந்தக் கைக்கு ஏழு போதாது, இரண்டு மூன்று முறை கூட்டிக்கொள்வது நல்லது. பத்துக்கும் கீழே வந்தால் நீங்கள் கச்சிதத்தின் பக்கம் சாய்கிறீர்கள். அதுவும் இந்த அட்டவணைக்குப் பொருந்தாத கைதான்.

இரண்டாவது சோதனை பொறுமை கேட்பது. ஏழு முறை கலைத்தபின் கட்டை மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய வரிசையின் முதல் சீட்டு, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று வருவதையெல்லாம் எடுத்துக்கொண்டே போங்கள். கட்டு முடிந்ததும் எடுக்காத சீட்டுகளை அதே ஒழுங்கில் மீண்டும் மேலிருந்து திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். எத்தனை சுற்றுகளில் 52-ம் தீர்கின்றனவோ அத்தனை ஏறுவரிசைகள். ஒரே ஒரு கட்டில் கிடைக்கும் எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது, ஏனெனில் 22 வந்தாலும் 28 வந்தாலும் அது இயல்பே. ஒவ்வொரு முறையும் கட்டை மறுபடி வரிசைப்படுத்தி ஓர் இருபது தடவையாவது செய்து சராசரி எடுத்தால், நல்ல கைக்கு அது 24.7-ஐ ஒட்டி வரும். 22-ஐ ஒட்டி வருமானால் நீங்கள் ஏழு என்று எண்ணியது, விதியின் கணக்கில் ஆறைக்கூட எட்டவில்லை.

இரண்டு கட்டுகளைச் சேர்த்து ஆடினால் எண்ணிக்கையையும் இரட்டிப்பாக்க வேண்டுமா?

வேண்டாம். தேவைப்படும் எண்ணிக்கை மடக்கையை ஒட்டி வளர்வதால், சீட்டுகள் இரட்டிப்பானால் ஒன்றரை கலைப்பு மட்டுமே கூடுகிறது. 52 சீட்டுகளுக்கு ஏழு என்றால் 104 சீட்டுகளுக்கு எட்டோ ஒன்பதோ அதே தரத்தைத் தரும். இரு கட்டுகளிலும் ஒரே சீட்டு இரண்டிரண்டாக இருப்பதால் அவற்றைப் பிரித்தறிய வேண்டிய தேவையும் இல்லை, அது சற்றே சாதகமானது. இடையூறு கணக்கில் இல்லை, கையில்தான் இருக்கிறது: 104 சீட்டுகளைச் சீராக விடுவது எளிதன்று, கொத்துகள் பெரிதாகிவிடும். கட்டை இரண்டாகப் பங்கிட்டு இருவர் தனித்தனியே கலைப்பதும் ஒரு வழிதான். ஆனால் அப்போது பங்குகளை ஒவ்வொரு சுற்றிலும் பாதியாகப் பிரித்து மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தொடக்கத்தில் மேல்பாதியில் இருந்த சீட்டுகள் கடைசி வரை மேல்பாதியிலேயே இருந்துவிடும்.